கோ சண்டையில் உங்கள் மிரட்டல் எத்தனை புள்ளி பெறும்?

கருப்பு வெள்ளைக் காய்களால் பலகையில் இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தை நாகர்கோவிலில் கற்றுக்கொடுக்கும் எனக்கு, பிள்ளைகள் தோற்ற ஆட்டங்களைப் பிரித்துப் பார்க்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றுதான். எதிராளியை மிரட்டிவிட்டோம் என்று நம்பி ஒரு காயை வைக்கிறார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் கோ சண்டையை முடித்துவிட்டுப் போகிறார்.

ஆட்டத்தின் பெயரும் கோ, ஒரு காயை இருவரும் மாறி மாறிப் பிடிக்கக்கூடிய நிலையின் பெயரும் கோ. அந்த நிலைக்கான விதி தெரிந்ததுதான். எதிராளி ஒரு காயைப் பிடித்தவுடனே, பலகை பழைய நிலைக்கே திரும்பும்படி நாம் திருப்பிப் பிடிக்கக் கூடாது. முதலில் வேறிடத்தில் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு காயை வைக்க வேண்டும். அவர் பதில் வைத்தால் நாம் கோவைத் திருப்பிப் பிடிக்கலாம். அதுதான் மிரட்டல்.

அண்மையில் மார்த்தாண்டத்திலிருந்து வரும் ஒரு மாணவனின் ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். அவன் கருப்பு. மூலையில் அவனுடைய எட்டுக் காய்களின் உயிர் ஒரு கோ சண்டையில் தொங்குகிறது. வெள்ளை இப்போதுதான் கோவைப் பிடித்திருக்கிறது. மூலை செத்தால் வெள்ளைக்கு என்ன கிடைக்கும்? பிடிபடும் ஒவ்வொரு காய்க்கும் இரண்டு புள்ளி: கைதிக்கு ஒன்று, அது இருந்த இடத்துக்கு ஒன்று. எட்டுக் காய்க்குப் 16, உள்ளே இருக்கும் வெற்றிடம் 6, ஆக 22. பிழைத்தால் கருப்புக்கு அங்கே 4 புள்ளி. இரண்டையும் கூட்டினால் வித்தியாசம் 26.

அவன் மிரட்டலாக ஐந்து வெள்ளைக் காய்களை, அடுத்த காயில் பிடித்துவிடும்படி, அடாரி வைத்தான். வெள்ளை பதில் வைக்காமல் கோவை முடித்தது, மூலை செத்தது.

“சார், அஞ்சு காய் போகுதுல்லா, அது பெரிய மிரட்டல்தானே?”

“எண்ணிப் பாரு மக்கா.”

எண்ணினோம். ஐந்து காய்க்குப் 10, பக்கத்து வெற்றிடம் 2, வெள்ளை பதில் வைத்திருந்தால் அதற்கு அங்கே கிடைத்திருக்கும் 3. மொத்தம் 15. இருபத்தாறைக் கொடுத்துப் பதினைந்தை வாங்கியிருக்கிறான்.

அப்படியானால் மிரட்டல் இருபத்தாறை எட்டியே ஆகவேண்டுமா என்றால், அதுவும் இல்லை. வெள்ளை பதில் சொன்னால் கருப்பு கோவைப் பிடிக்கும். வெள்ளையிடம் மிரட்டல் எதுவும் இல்லையென்றால் அது வேறிடத்தில் ஒரு காயை வைத்துக்கொள்ளும், கருப்பு கோவை முடிக்கும். ஆக, கோவை இழப்பவருக்கு வேறிடத்தில் ஒரு காய் இலவசமாகக் கிடைக்கிறது. அன்று பலகையில் மிச்சமிருந்த இடங்களில் பெரியவை பத்துப் புள்ளி வித்தியாசம் உண்டாக்குபவை. அங்கே ஒரு காய் கூடுதலாக வைப்பதன் மதிப்பு சுமாராக அதில் பாதி, ஐந்து. எனவே 26-இல் 5 போக, 21-ஐத் தாண்டினால் மிரட்டல் செல்லும். பதினைந்து செல்லாது.

அப்புறம் அவன் இன்னொன்றைக் காட்டினான். ஓரத்தில் ஒன்பது வெள்ளைக் காய்கள். காய்க்குப் 18, வெற்றிடம் 5, வெள்ளை இழக்கும் சொந்த இடம் 4, மொத்தம் 27. தாளில் பார்த்தால் அருமை. “சரி, வெள்ளை கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது காயை எங்கே வைப்பாய்?” என்று கேட்டேன். யோசித்து வைத்தான். வெள்ளை முதல் வரிசையில் ஒரு காயை வைத்து உயிர்வாழத் தேவையான இரண்டாவது உள்வெற்றிடத்தை, அதாவது கண்ணை, உண்டாக்கிப் பிழைத்துக்கொண்டது. கருப்புக்கு மிஞ்சியது ஆறேழு புள்ளிதான். மிரட்டலில் நமக்குக் கிடைப்பது இரண்டு காய். அதற்குப் பிறகு எதிராளியும் ஒன்று வைப்பார் என்பதை விட்டுவிடுவதால்தான் கணக்கு ஊதிப்போகிறது. இரண்டாவது காயை எங்கே வைப்பதென்று தயங்கினீர்கள் என்றால், உங்களிடம் மிரட்டலே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான மிரட்டல் கீழ்ப்பக்கம் இருந்தது. ஒரு வெட்டு, இரண்டாவது காயில் ஏழு வெள்ளைக் காய்கள் சுத்தமாகச் சாகும், எந்தப் பதிலும் காப்பாற்றாது. 14, 6, 4, மொத்தம் 24. இருபத்தாறைவிடக் குறைவு என்று அவன் ஒதுக்கிவைத்த வெட்டு அது. ஆனால் அன்று தேவைப்பட்டது 21-தான். வெள்ளை பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இந்த எண்கள் மூலைக்குள் இருப்பதை மட்டும் பார்த்து வந்தவை. மூலை சாவதால் வெளியே உள்ள வெள்ளைச் சுவர் பலமாகி, பக்கத்துக் கருப்புக் கூட்டம் தவிக்கும் என்றால் கோவின் மதிப்பு இன்னும் ஏறும், 24 போதாமலும் போகலாம். ஆட்டத்தின் நடுவில் இதை நான் துல்லியமாக எண்ணச் சொல்வதில்லை. மூன்று நான்கு புள்ளி முன்பின் இருந்தால் பரவாயில்லை.

போதுமான மிரட்டல்கள் பல இருக்கும்போது சிறியதை முதலில் செலவழியுங்கள். பெரியது அடுத்த கோவுக்கு உதவும். ஆனால் எதிராளி ஒரே காயில் இரண்டு மிரட்டல்களை அடைத்துவிட முடியும் என்றால், அவற்றில் ஒன்றை முதலில் வையுங்கள். வைக்கும் மிரட்டல் எதிராளியின் ஓட்டையை அவரே அடைத்துக்கொள்ளச் செய்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் வெட்டலாம் என்று வைத்திருந்த இடத்தில் அடாரி வைத்து அவரை இணைய வைத்தால், கோ சண்டையில் ஒரு சுற்று கிடைக்கிறது, வெட்டு போய்விடுகிறது.

இப்போது அந்த மாணவன் கோவைத் தொடங்குமுன் இரு பக்க மிரட்டல்களையும் எண்ணிக்கொள்கிறான். அவனிடம் இரண்டு, எதிராளியிடம் மூன்று என்றால், அந்தக் கோவை அப்போதைக்குத் தொடாமல் மிரட்டல் உண்டாகும் இடத்தில் முதலில் ஒரு காயை வைக்கிறான்.