ராமானுஜன் படம் பார்த்த கையோடு ஒரு கணக்கு

கல்லூரியில் கணிதம் நடத்துவதால், "பையனுக்கு அறிவியல் ஆசை, ஏதாவது படம் சொல்லுங்க சார்" என்று பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். நான் சொல்வது 2015இல் வந்த 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி'. ராமானுஜனாக தேவ் படேல், அவரை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டியாக ஜெரமி அயர்ன்ஸ். கென் ஓனோ, மஞ்சுள் பார்கவா ஆகிய கணித அறிஞர்கள் ஆலோசகர்களாக இருந்ததால் கணக்கில் அபத்தம் இல்லை.

ஒரு எச்சரிக்கை: படத்தில் ஹார்டி முதியவர். 1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனபோது நிஜ ஹார்டிக்கு முப்பத்தேழு வயது, ராமானுஜனைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். முதிய குரு, இளம் சீடன் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட வேண்டாம்.

மக்மாஹன் என்ற கணித அறிஞரோடு ராமானுஜன் போட்டி போடும் காட்சி வந்ததும் படத்தை நிறுத்துங்கள். ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதுதான் அங்கே கேள்வி. 4ஐ எடுத்தால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகை. 10க்கு 42. 100க்குப் போனால் 19 கோடியைத் தாண்டிவிடும், 200க்கு 39,72,99,90,29,388.

இவற்றை மக்மாஹன் ஒவ்வொன்றாக எழுதி எண்ணவில்லை. முந்தைய விடைகளிலிருந்து அடுத்ததைப் பெற பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஆய்லர் தந்த வழி ஒன்று உண்டு. பத்துக்குரிய விடை வேண்டுமா? பத்தைவிட 1, 2 குறைந்த 9, 8க்கான விடைகளைக் கூட்டி, 5, 7 குறைந்த 5, 3க்கான விடைகளைக் கழிக்க வேண்டும்: 30 + 22 − 7 − 3 = 42. இப்படியே 200 வரை ஏறினார். சலிப்பான வேலைதான், ஆனால் அந்தப் பட்டியல் இல்லாமல் புதிய சூத்திரம் சரியா என்று பார்க்க வழியில்லை.

ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் வெளியிட்ட சூத்திரம் முந்தைய விடை எதையும் கேட்காது. 200ஐப் போட்டு முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினால், மக்மாஹனின் எண்ணிலிருந்து 0.004தான் விலகியது. விடை முழு எண் என்பதால் அதுவே போதும். படத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தக் காட்சிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

ராமானுஜனின் பகா எண் கணிப்பு பிழை என்று ஹார்டியின் சக கணித அறிஞர் லிட்டில்வுட் காட்டும் இடத்தையும் தவறவிடாதீர்கள். 'நிரூபணம் எங்கே?' என்று ஹார்டி நச்சரிப்பதன் நியாயம் அப்போதுதான் புரியும்.

படம் முடிந்ததும் 11க்கான விடையை ஆய்லர் வழியில் போடச் சொல்லிப் பாருங்கள். 56 வர வேண்டும். விடை வந்த பிறகும் 'ஏன் கழிக்கிறோம்?' என்று விடாமல் கேட்கிற பிள்ளைக்கு, சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் பழைய நுழைவுத் தேர்வு வினாத்தாள் ஒன்றைக் காட்டலாம். அங்கே விடையை மட்டும் எழுதினால் போதாத கேள்விகளும் உண்டு, எப்படி வந்தது என்றும் விளக்க வேண்டும்.