கிரைண்டர் வரலன்னா காச யாரு திருப்பித் தருவா? கார்டு, வாலட், டிரான்ஸ்பர், சிஓடி

ஆன்லைன்ல பொருள் வாங்குறப்ப எல்லாரும் விலையப் பாக்குறோம், போஸ்டேஜ் ஃப்ரீயான்னு பாக்குறோம், ஆனா எப்படிக் காசு கட்டுறோம்ங்கிறத யாரும் யோசிக்கிறதே இல்ல. பொருள் வராமப் போனா நமக்குக் காசு திரும்பி வருமா வராதாங்கிறது பாதி அங்கேயே முடிவாயிடுது. கட்டுன காச அதுக்கப்புறம் யாரு கையில வச்சிருக்கா, அவங்க கிட்ட இருந்து அதத் திரும்ப இழுக்க நம்ம மலேசியாவுல ஏதாவது வழி இருக்கா, இந்த ரெண்டு கேள்வி தான் விஷயம்.

ஒரு உதாரணம் வச்சிக்குவோம். பட்டர்வொர்த்துல இருக்கிற ஒரு அக்கா, தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்கணும்னு பேஸ்புக் லைவ்ல ஒரு கிரைண்டரப் பாக்குறாங்க. விலை 480 வெள்ளி, கடை கேஎல்ல இருக்குன்னு சொல்றாங்க. அக்டோபர் 1-ல காசு கட்டுறாங்க, 10-ம் தேதிக்குள்ள பார்சல் வந்துடும்னு மெசேஜ்ல எழுதிக் குடுத்துருக்காங்க. 10-ம் தேதியும் தாண்டிடுச்சு, கிரைண்டர் வரல, மெசேஜ் போட்டா ப்ளூ டிக் மட்டும் வருது, பதில் இல்ல.

அந்த அக்கா கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா கையில நல்ல வழி ஒன்னு இருக்கு, அதுக்குப் பேரு சார்ஜ்பேக். இது அரசாங்கச் சட்டம் இல்ல, விசா, மாஸ்டர்கார்டு இவங்களோட சொந்த விதி, ஆனா அவங்க கார்டு குடுக்குற எல்லா பேங்கும் அதுக்குக் கட்டுப்படணும். கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்குப் போன் போட்டு "டிஸ்பியூட் போடணும், பொருள் வரல"ன்னு சொன்னா ஒரு ஃபாரம் அனுப்புவாங்க. ஆர்டர் போட்ட ஸ்க்ரீன்ஷாட், 10-ம் தேதிக்குள்ள வரும்னு சொன்ன மெசேஜ், அதுக்கப்புறம் நாம கேட்ட மெசேஜ், இதெல்லாம் சேத்து அனுப்பணும். நம்ம பேங்க் அதக் கடைக்காரரோட பேங்குக்கு அனுப்பும், பொருளக் குடுத்ததுக்கு ஆதாரம் காட்ட வேண்டியது அப்ப கடைக்காரர் தான். டெலிவரி ஆன ரெக்கார்டு எதையும் அவரால காட்ட முடியலன்னா காசு திரும்பி வந்துடும்.

கெடு பொதுவா 120 நாள். பொருள் வராத கேஸ்ல அது காசு கட்டுன நாள்ல இருந்து எண்ணுறதில்ல, வந்திருக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணுறது, அதனால நம்ம அக்காவுக்கு அக்டோபர் 10-ல ஆரம்பிச்சு பிப்ரவரி 7 வரைக்கும் இருக்கு. ஆனா அதுவரைக்கும் உக்காந்திருக்கக் கூடாது, பேங்கோட சொந்த நிபந்தனைல இன்னும் சீக்கிரமா சொல்லணும்னு இருக்கலாம், அப்புறம் "நாளைக்கு அனுப்புறேன், அடுத்த வாரம் அனுப்புறேன்"னு இழுத்தடிக்கிற ஆளுங்க இந்தக் கெடு தாண்டணும்னே இழுக்குறதும் உண்டு. சொன்ன தேதி போயிடுச்சுன்னா ஒரு தடவ எழுத்துல கேளுங்க, பதில் சரியில்லன்னா பேங்குக்குப் போன் போட்டுடுங்க.

இங்க தான் நெறைய பேரு ஒரு தப்பு பண்றாங்க. பேங்க்ல "இத நான் பண்ணவே இல்ல"ன்னு சொல்லிடுறாங்க, அப்படிச் சொன்னா சீக்கிரம் காசு வரும்னு யாரோ சொல்லியிருப்பாங்க. நீங்க பண்ணாத பரிவர்த்தனைக்கு விதி வேற. கார்டு தொலைஞ்சோ திருடு போயோ யாரோ தேச்சிருந்தா, நீங்க உடனே பேங்குக்குத் தெரியப்படுத்தியிருந்து உங்க பக்கம் மோசடி எதுவும் இல்லன்னா, உங்க தலையில விழுறது 250 வெள்ளிக்கு மேல போகக் கூடாதுன்னு பேங்க் நெகாரா சொல்லியிருக்கு. ஆனா நம்ம அக்கா தானே போன்ல அப்ரூவ் பண்ணி கட்டுனாங்க, அந்த ரெக்கார்டு பேங்க்ல இருக்கு, அதனால "நான் பண்ணல"ன்னா கேஸ் அங்கேயே செத்துடும். "நான் தான் கட்டுனேன், ஆனா பொருள் வரல"ங்கிறது தனிக் காரணம், அதுக்கு நீங்க அப்ரூவ் பண்ணது ஒரு தடையே இல்ல. உண்மையச் சொன்னா தான் கேஸ் நிக்கும்.

கிரைண்டர் வந்துச்சு ஆனா வேற மாடல், இல்ல ஓடவே இல்லன்னா அதுக்கும் சார்ஜ்பேக் இருக்கு, ஆனா நீங்க பொருளத் திருப்பி அனுப்பப் பாத்தீங்கன்னு காட்டணும். "திருப்பி அனுப்புறேன், அட்ரஸ் குடுங்க"ன்னு ஒரு மெசேஜாவது இருக்கணும். பொருள வச்சிக்கிட்டே காசையும் கேட்டா நடக்காது.

டெபிட் கார்டுலயும் விசா, மாஸ்டர்கார்டு வழியாப் போன பேமெண்ட்டுக்கு டிஸ்பியூட் போடலாம். வித்தியாசம் என்னன்னா கிரெடிட்ல இன்னும் பேங்க் காசு, டெபிட்ல உங்க சம்பளக் காசே போயிடுச்சு, கேஸ் முடியிற வரைக்கும் வாடகைக்கும் பள்ளி பஸ்ஸுக்கும் அது இருக்காது. பெரிய தொகைக்கு கிரெடிட் கார்டு இருந்தா அதையே போடுங்கன்னு நான் எப்பவும் சொல்றது அதனால தான். பேங்க் கேஸ முடிச்சு "முடியாது"ன்னு கடைசிப் பதில் குடுத்துட்டா, அதுல இருந்து 6 மாசத்துக்குள்ள, பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற நிதிச் சந்தை ஆம்பட்ஸ்மன் கிட்ட புகார் குடுக்கலாம். முன்னாடி ஓஎஃப்எஸ்னு இருந்தது தான், 2025 ஜனவரியில இருந்து எஃப்எம்ஓஎஸ்னு மாறியிருக்கு, நம்ம கிட்ட காசு வாங்க மாட்டாங்க.

இப்ப வாலட்டுக்கு வருவோம். டச் அண்ட் கோ, பூஸ்ட், கிராப்பே எதுவா இருந்தாலும் இதத் தெரிஞ்சிக்குங்க: கார்டுல இருந்து வாலட்ல 500 வெள்ளி டாப்அப் பண்ணி, வாலட்ல இருந்து கடைக்காரருக்கு 480 அனுப்புனா, கார்டோட பாதுகாப்பு அந்த டாப்அப்லயே முடிஞ்சு போச்சு. கார்டு பேங்க் கண்ணுக்கு நீங்க வாங்குனது கிரைண்டர் இல்ல, டாப்அப். அது உங்க வாலட்டுக்கு வந்து சேந்துடுச்சு, அப்ப டிஸ்பியூட் போட ஒன்னும் இல்ல. வாலட்ல இருந்து போனது ஆள் நம்பருக்கு அனுப்புனதா இருந்தாலும் சரி, டூயிட்நவ் கியூஆர் ஸ்கேன் பண்ணதா இருந்தாலும் சரி, அந்த நொடியிலயே போய்ச் சேந்துடும். வாலட் கம்பெனிங்க தர்ற காசு திரும்பும் உத்தரவாதம்லாம் யாரோ உங்க போன ஹேக் பண்ணி எடுத்ததுக்கு, நீங்களே அனுப்புனதுக்கு இல்ல.

ஷாப்பி, லசாடா மாதிரி இடத்துல வாலட்டப் போட்டா பாதுகாப்பா இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா அது வாலட்டால வர்றதில்ல. காச கடைக்காரர் கைக்கு உடனே குடுக்காம அந்தத் தளமே புடிச்சு வச்சிருக்கு, அது தான் காப்பு. அதனால பொருளத் திறந்து, பிளக் சொருகி, ஓடுதான்னு பாக்காம Order Received பட்டன அமுக்கவே கூடாது. அமுக்குனா காச விட்டுடுங்கன்னு நீங்களே சொல்ற மாதிரி, அதுக்கப்புறம் கேக்குறது ரொம்ப கஷ்டம். நாமளே அமுக்கலன்னாலும் கொஞ்ச நாள்ல காசு தானாப் போயிடும், அந்தக் கடைசித் தேதி ஆர்டர்லயே தெரியும், அதப் பாத்து வச்சிக்குங்க. கடைக்காரர் சாட்ல வந்து "வெளியில டிரான்ஸ்பர் பண்ணுங்க, 30 வெள்ளி கம்மி பண்றேன்"னா, அந்த 30 வெள்ளிக்கு நீங்க விக்கிறது இந்தக் காப்பத் தான்.

பேங்க் டிரான்ஸ்பர் தான் நாலுலயும் ரொம்ப மோசம், ஆனா நம்ம ஆளுங்க லைவ்ல பொடவையும் பாத்திரமும் வாங்குறது முக்கால்வாசி இதுல தான். டூயிட்நவ்ல போன காச பேங்க் தானா இழுக்க முடியாது. தப்பான நம்பர் அடிச்சு வேற யாருக்கோ போயிடுச்சுன்னா அதத் திருப்பிக் கேக்க ஒரு நடைமுறை இருக்கு, பேங்க் கிட்ட உடனே சொல்லணும், ஆனா சரியான ஆளுக்கு அனுப்பி பொருள் வராததுக்கு அது ஆகாது.

அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பண்ணலாம். டூயிட்நவ்ல அக்கவுண்ட் பேரு காட்டும், கடை பேரு ஒன்னு, வர்றது சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் பேருன்னா நிறுத்துங்க. அப்புறம் அந்த அக்கவுண்ட் நம்பர semakmule.rmp.gov.my போய்ப் போட்டுப் பாருங்க, போலீசுக்குப் புகார் போன அக்கவுண்டா இருந்தா காட்டும். ஒன்னும் காட்டலன்னா நல்ல ஆளுன்னு அர்த்தம் இல்ல, இன்னும் யாரும் புகார் குடுக்கல, அவ்ளோ தான்.

காசு போயிடுச்சு, ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே உங்க பேங்க் ஹாட்லைனுக்கோ 997-க்கோ போன் போடுங்க. இது 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம். மோசடிக் காசு ஒரு அக்கவுண்ட்ல தங்காது, அங்க இருந்து இன்னொன்னு, அங்க இருந்து இன்னொன்னுன்னு ஓடும், எங்கயாவது அது நிக்கும்போதே புடிச்சு முடக்கப் பாப்பாங்க. ராத்திரி தெரிஞ்சா காலையில பாத்துக்கலாம்னு விட்டா அதுக்குள்ள ஏடிஎம்ல எடுத்துருப்பாங்க. போலீஸ் ரிப்போர்ட்டும் குடுக்கணும், ஆனா மொதல்ல போன்.

சிஓடி பாக்க பத்திரமா இருக்கு, பொருள் வந்தா தானே காசு. வராத பிரச்சன இதுல இல்ல, உள்ள என்ன இருக்குங்கிறது தான் பிரச்சன. பொதுவா காசு குடுத்த அப்புறம் தான் பெட்டியத் திறக்க முடியும், திறந்து பாத்தா கிரைண்டருக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் மிக்சி. அதுக்குக் கூரியர் அபாங் கிட்ட சண்ட போட்டுப் பிரயோஜனம் இல்ல, அவர் காச வாங்கிக் கம்பெனில கட்டுறவர், அவரால திருப்பித் தர முடியாது. தளத்துல போட்ட சிஓடின்னா ஆப்லயே ரீஃபண்ட் கேக்கலாம், பெட்டியத் திறக்குறப்ப லேபிள் தெரியிற மாதிரி வீடியோ எடுத்து வச்சிக்குங்க. பேஸ்புக் சிஓடின்னா கிட்டத்தட்ட டிரான்ஸ்பர் மாதிரி தான், பெட்டி மேல ஒட்டுன லேபிள் ஒன்னு தான் மிச்சம், அதக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. வீட்டுல பாட்டி மட்டும் இருக்கப்ப யாரும் ஆர்டரே பண்ணாத பார்சல் வந்து 69 வெள்ளி கேக்குறதும் நடக்குது, ஆர்டர் பண்ணவங்க கிட்ட போன்ல கேக்காம குடுக்க வேண்டாம்னு வீட்டுல சொல்லி வைங்க. வாங்க மாட்டேன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு.

நாலுல எதுல கட்டியிருந்தாலும், மத்த வழியெல்லாம் அடைஞ்சு போனாலும் ஒன்னு இருக்கு: பயனீட்டாளர் தீர்ப்பாயம், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வந்தது. 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 3 வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயே போடலாம். தீர்ப்பு வந்தா 14 நாளுக்குள்ள கட்டணும், கட்டலன்னா அது குற்றம். பினாங்குல இருக்கிறவங்க ஃபாரம் எழுதத் தெரியலன்னா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல கேட்டுப் பாருங்க, பல வருஷமா பயனீட்டாளர் புகாருங்கள எடுத்துப் பேசுறவங்க.

ஆனா தீர்ப்பாயம் கடைக்காரருக்குத் தான் நோட்டிஸ் அனுப்பும், அதுக்குப் பேரும் அட்ரஸும் வேணும், வெறும் போன் நம்பர வச்சி ஒன்னும் பண்ண முடியாது. தொழிலா விக்கிறவரா இருக்கணும், பழைய சாமான ஒரு தடவ வித்த தனி ஆள் மேல போட முடியாது. ஆன்லைன்ல விக்கிறவங்க வியாபாரப் பேரு, பதிவு நம்பர், தொடர்பு விவரம் எல்லாம் வெளிப்படையாப் போடணும்னு மின்வணிக விதி சொல்லுது. அதனால நம்ம அக்கா அந்த 480 வெள்ளியக் கட்டுறதுக்கு முன்னாடி லைவ்ல "உங்க எஸ்எஸ்எம் பதிவு நம்பர் என்ன?"ன்னு கேட்டு, வந்த பதில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கணும், பதில் வரலன்னா வேற கடைய பாத்திருக்கணும்.