பச்சைப் பட்டியல் சோதனைக்கு எவ்வளவு உரை போதும்?

மொழி மாடல் எழுதிய உரையில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் இடும் ஒரு முறையை மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டனர். அதன்படி, சொல் அல்லது சொல்லின் பகுதியான ஒவ்வொரு டோக்கனையும் மாடல் தேர்வு செய்வதற்கு முன், அதற்கு முந்தைய டோக்கனையும் ஒரு ரகசியச் சாவியையும் கொண்டு சொற்களஞ்சியத்தின் ஒரு பகுதி பச்சையாகக் குறிக்கப்படுகிறது. மாடல் அந்தப் பச்சை டோக்கன்களின் பக்கம் சற்றே சாய்க்கப்படுகிறது. சாவி தெரிந்தவர் பின்னர் பச்சைகளை எண்ணிப் பார்த்தாலே போதும், மாடலே தேவையில்லை.

எண்ணிக்கையை மதிப்பிடும் சூத்திரம் இது:

```
z = (G − γT) / √(Tγ(1−γ))
```

z என்பது பச்சைகள் எதிர்பார்ப்பைவிட எத்தனை திட்ட விலக்கம் கூடுதலாக உள்ளன என்பது, T மொத்த டோக்கன்கள், G அவற்றில் பச்சையானவை, γ சொற்களஞ்சியத்தில் பச்சையின் பங்கு. γ = 0.25 என்றால், சாவியை அறியாத மனிதர் எழுதிய 200 டோக்கன்களில் ஏறத்தாழ 50 பச்சையாக அமையும். திட்ட விலக்கம் 6.12. எண்ணியதில் 60 பச்சை இருந்தால் z வெறும் 1.6தான், அது தற்செயலாகவே நேரக்கூடியது. 90 இருந்தால் z 6.5ஐத் தொடுகிறது. வழக்கமாக வைக்கப்படும் வரம்பு 4. அதைத் தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் மூன்று அளவே.

இனி நீளத்துக்கு வருவோம். அடையாளமிட்ட உரையில் பாதி டோக்கன்கள் பச்சை என்று கொண்டால், சராசரி z 4ஐ எட்ட 48 டோக்கன்கள் போதும். ஆனால் 'சராசரி' என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: அந்த நீளத்தில் அடையாளமிட்ட உரைகளில் ஏறக்குறைய பாதி வரம்புக்குக் கீழே நின்று தப்பிவிடும். 100 டோக்கன்கள் இருந்தால் வரம்பைத் தாண்ட 43 பச்சைகள் தேவை, எதிர்பார்ப்போ 50. எனவே நூற்றுக்கு 93 உரைகள்வரை பிடிபடும்.

சாய்வு குறைந்தால் தேவையான நீளம் கடுமையாக ஏறுகிறது, ஏனெனில் z நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வளர்கிறது. பச்சையின் பங்கு 35 சதவீதமாக இறங்கினால் 48க்குப் பதில் 300 டோக்கன்களும், 30 சதவீதமானால் 1200 டோக்கன்களும் வேண்டும். யாரேனும் உரையைத் திருத்தி எழுதும்போதும், நிரல் வரிகளைப் போல அடுத்த டோக்கன் ஏற்கெனவே உறுதியாகிவிட்ட இடங்களிலும் நிகழ்வது இதுதான்.

நீளமான உரையும் சில வேளை பொய் சொல்லும். மனிதர் எழுதிய 200 டோக்கன்களில், ஐந்து டோக்கன் கொண்ட ஒரு தொடர் 20 முறை திரும்ப வருகிறது, அதில் மூன்று பச்சையாக அமைந்துவிட்டன என்று கொள்வோம். அந்த நூறில் 60, மீதி நூறில் 25, ஆக 85 பச்சைகள், z 5.7 ஆகிவிடுகிறது. ஒரு டோக்கனும் அதற்கு முந்தைய டோக்கனும் சேர்ந்த ஒரே ஜோடி எத்தனை முறை வந்தாலும் நிறம் மாறாது என்பதால், இங்கே புதிய சான்று எதுவும் சேரவில்லை. ஒவ்வொரு ஜோடியையும் ஒருமுறை மட்டும் எண்ணினால் 105இல் 28 பச்சை, z 0.4க்குச் சரிந்துவிடுகிறது.