விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு: ஜிஎஸ்டி பில்லை எப்போது போட வேண்டும்?

“சரக்கை இறக்கிவிட்டுப் போங்க. வித்தா காசு, இல்லைன்னா எடுத்துக்கோங்க” என்று கடைக்காரர் சொல்கிறார். கூடவே, “பில் இல்லாம உள்ளே எடுக்க முடியாது” என்றும் சொல்கிறார். ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சிறு உற்பத்தியாளர் அன்றைக்கே வரி பில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். அடுத்த மாதம் 20-ஆம் தேதி, ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராத சரக்குக்குத் தன் பணத்திலிருந்து வரி கட்டுகிறார். இப்படிக் கட்டிக் கட்டியே முதலைக் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் அவர்களிடம் அதைக் கேட்கவே இல்லை.

சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 31(7) சொல்வது இதுதான்: பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பலாம் என்ற பேச்சில் போகும் சரக்குக்கு, விற்பனை உறுதியாகும் நேரத்தில் இன்வாய்ஸ் போட்டால் போதும். சரக்கு கிளம்பிய நாளிலிருந்து ஆறு மாதம் ஆகியும் உறுதியாகவில்லை என்றால், அந்த ஆறாவது மாத முடிவில் போட வேண்டும். இரண்டில் எது முந்தியோ அது. அதுவரை டெலிவரி சலான் போதும்.

இந்தச் சலுகை எல்லா ‘கன்சைன்மென்ட்’ சரக்குக்கும் இல்லை. பலர் மாட்டுவது இங்கேதான். கடைக்காரர் “வித்தா நான் வாங்கிக்கிறேன்” என்கிறாரா, “வித்துத் தரேன், கமிஷன் கொடுங்க” என்கிறாரா என்று முதலில் பாருங்கள். முதல் வகையில் அவர் உங்களிடம் வாங்குபவர். ஆறு மாத விதி அவருக்குத்தான். இரண்டாவது வகையில் அவர் உங்கள் ஏஜென்ட். ஏஜென்ட் தன் பெயரில் வாடிக்கையாளருக்குப் பில் போட்டால், நீங்கள் அவருக்குச் சரக்கு அனுப்புவதையே சட்டம் விற்பனையாக எடுத்துக்கொள்கிறது. காசு வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. அனுப்பும்போதே இன்வாய்ஸ் வேண்டும், ஆறு மாதம் கிடையாது. ஏஜென்ட் உங்கள் பெயரிலேயே வாடிக்கையாளருக்குப் பில் போட்டால் அவருக்குத் தனியாக இன்வாய்ஸ் தேவையில்லை. 2018 செப்டம்பரில் வந்த 57/31/2018 சுற்றறிக்கை இந்தச் சோதனையைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆகவே ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் ‘ஏஜென்ட்’, ‘கமிஷன்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். யாரோ எப்போதோ அடித்த பழைய படிவத்தை அப்படியே நீட்டுவார்கள். வாயால் பேசியது ஒன்றாக இருக்கும், தாளில் இருப்பது வேறாக இருக்கும். பின்னாளில் கணக்கைப் பார்க்கும் அதிகாரி தாளைத்தான் நம்புவார்.

சரி, கடைக்காரர் வாங்குபவர்தான் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏப்ரல் 5-ஆம் தேதி 100 டேபிள் ஃபேன் அனுப்புகிறீர்கள். ஒன்று 2,000 ரூபாய், மொத்தம் 2 லட்சம், வரி 18 சதவீதம். அன்றே இன்வாய்ஸ் போட்டால் மே 20-க்குள் 36,000 ரூபாய் வரி காட்ட வேண்டும். சலானில் அனுப்பினால் கதை வேறு. ஏப்ரலில் 40 விற்கிறது. அதற்கு மட்டும் இன்வாய்ஸ், வரி 14,400. ஜூனில் இன்னும் 20 விற்கிறது, வரி 7,200. ஆகஸ்டில் 15 ஃபேனைத் திருப்பி அனுப்புகிறார். அதற்கு வரியே இல்லை. மீதி 25 கடையிலேயே நிற்கிறது. அக்டோபர் 5 வந்தால், விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த 25-க்கும் இன்வாய்ஸ் போட்டு 9,000 வரி காட்டியாக வேண்டும். ஒரு வாரம் முன்பே ஃபோன் போட்டு, விற்காததைத் திரும்ப எடுத்து வந்துவிடுவது நல்லது.

ஆறு மாதம் ஒவ்வொரு சலானுக்கும் தனித்தனியாக ஓடும். புதுச் சரக்கு போனதால் பழையதன் தேதி மாறாது. கடைக்காரர் தன் இன்னொரு கிளைக்கு மாற்றினாலும் கடிகாரம் முதலிலிருந்து ஓடாது. தேதியைத் தவறவிட்டால் தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆறு மாதத்துக்குப் பின் சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரர் எடுத்த வரிக் கழிவை அவர் திருப்ப வேண்டும். அதற்காக அவர் பின்னால் அலைய வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொரு பொறி பலருக்குத் தெரியாது. சலானில் “60 நாளில் திருப்ப வேண்டும்” என்று எழுதினால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 24-இன்படி, குறித்த கெடு தாண்டியும் வேண்டாம் என்று சொல்லாமல் கடைக்காரர் வைத்திருந்தால் சரக்கு அவருடையதாகிவிடும். அதாவது 61-ஆவது நாளே விற்பனை நடந்ததாகிறது. ஆறு மாதம் இருக்கிறதே என்று நீங்கள் காத்திருக்க முடியாது. கெடு எழுதினால் அந்தத் தேதியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே பிரிவு, கடைக்காரர் சரக்கைத் தன்னுடையதாக்கிக்கொண்டதைக் காட்டும் எந்தச் செயலும் விற்பனையை முடித்துவிடும் என்கிறது. அவர் இன்னொருவருக்கு விற்பது அதில் அடங்கும். ஆனால் விற்ற கணக்கோ உங்களுக்கு மாதம் முடிந்து, அதுவும் மூன்று முறை கேட்ட பிறகுதான் வருகிறது. ஏப்ரலில் விற்றதற்கு ஜூனில் பில் போட்டால், தாமதம் உங்கள் தலையில்தான் விழும். வாரம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் விற்ற எண்ணிக்கை வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இனி வழியில் நடப்பது. வண்டியை நிறுத்தும் பறக்கும் படை “இன்வாய்ஸ் எங்கே?” என்று கேட்கும். சிஜிஎஸ்டி விதி 55-இன்படி வரிசை எண்ணுடன் மூன்று பிரதியாகப் போட்ட சலான் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். ‘ஒப்புதலின் பேரில் விற்பனைக்கு’ என்று அதில் தெளிவாக எழுதுங்கள். தமிழ்நாட்டுக்குள் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினாலும், வேறு மாநிலத்துக்கு 50,000-ஐத் தாண்டினாலும் இ-வே பில் வேண்டும். அதில் ஆவண வகையாக Delivery Challan என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 2017 அக்டோபர் 18-ஆம் தேதியிட்ட 10/10/2017 சுற்றறிக்கை, ஒப்புதலின் பேரில் போகும் சரக்குக்குச் சலானும், தேவைப்படும் இடத்தில் இ-வே பில்லும் போதும் என்கிறது. அதன் பிரதி ஒன்று வண்டியில் இருக்கட்டும். காகிதம் சரியில்லாமல் வண்டி பிடிபட்டால், உரிமையாளர் முன்வந்து மீட்கும்போதுகூட அபராதம் வரியைப் போல இரு மடங்கு. மேலே சொன்ன ஃபேன் லோடுக்கு அது 72,000 ரூபாய்.

“சலான் எல்லாம் வேண்டாம், பில்லாகவே போட்டுடுங்க, எனக்குக் கணக்கு சுலபம்” என்று சொல்லும் கணக்காளர்களும் உண்டு. வேலை அவருக்குக் குறைகிறது, வரி உங்களுக்கு ஏறுகிறது. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆவது அட்டவணையிலேயே Delivery Challan for supply on approval என்று தனி வரி இருக்கிறது. மறுக்கிறவரிடம் அந்த வரியைத் திறந்து காட்டுங்கள். அங்கே உங்கள் சலான் எண்களை ஒவ்வொரு முறையும் விடாமல் நிரப்பச் சொல்லுங்கள். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் சலான், கடைக்காரரின் விற்பனைக் கணக்கு, அதை ஒட்டிய இன்வாய்ஸ், திரும்பி வந்ததற்கான சலான் ஆகிய நான்கையும் ஒரே எண்ணில் கோத்துக் கொடுக்க முடிய வேண்டும்.