உப்புக்கல்லின் சாலக சக்தியைக் கணக்கிடுவது எப்படி?

திருகோணமலையிலிருந்து வடக்கே போனால் வரும் நிலாவெளி உப்பளத்தில் வெயிற்காலத்தில் விளைந்த கல்லுப்பு ஒன்றை உருப்பெருக்கும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், செங்கோணத்தில் சந்திக்கும் தட்டையான முகங்களும், சில கற்களில் நடுவே படிக்கட்டுப்போல் உள்ளிறங்கும் சிறு பள்ளமும் தெரியும். இந்தச் சதுர ஒழுங்கு, சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் மாறிமாறி அடுக்கப்பட்டதால் வந்தது. ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் வாயு நிலையிலுள்ள அயன்கள் கூடி ஒரு மூல் திண்மமாகும்போது வெளியேறும் சக்தியையே சாலக சக்தி என்கிறோம்.

இதை நேரடியாக அளக்க முடியாது. உப்பை 801 பாகை செல்சியசில் உருக்கி, மேலும் சூடாக்கி ஆவியாக்கினாலும், அந்த ஆவியில் பெரும்பாலும் இருப்பவை சோடியங் குளோரைட்டு மூலக்கூறுகளும் அவற்றின் சோடிகளுமே; தனித்த அயன்களாக அது பிரிவதில்லை. ஆகவே அளக்கக்கூடிய வேறு படிகளின் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது. எந்த வழியால் சென்றாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்பவுள்ளுறை மாற்றமும் ஒன்றே என்னும் எசுவின் விதி அதற்கு இடமளிக்கிறது. 1919 இல் மாக்ஸ் போணும் பிரிட்ஸ் ஏபரும் முன்வைத்த இந்தச் சுற்றுவழியே போண்–ஏபர் வட்டம்.

சோடியம் உலோகத்திலிருந்து தொடங்குவோம். ஒரு மூல் திண்மச் சோடியத்தைத் தனி அணுக்களாகப் பதங்கமாக்க 107 கிலோயூல் தேவை. அந்த அணு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலத்திரனை அகற்றும் அயனாக்கத்துக்கு 496 கிலோயூல் வேண்டும். செலவில் மிகப் பெரியது இதுவே. மறுபக்கத்தில் குளோரீன் வாயு இரண்டு அணுக்கள் பிணைந்த மூலக்கூறாக இருக்கிறது. அதன் பிணைப்பை உடைக்க மூலுக்கு 242 கிலோயூல் தேவைப்பட்டாலும், நமக்கு வேண்டியது ஒரு மூல் குளோரீன் அணுக்கள் மட்டுமே ஆகையால் 121 கிலோயூல் போதும். அந்த அணுக்கள் இலத்திரனை ஏற்கும்போது 349 கிலோயூல் வெளியேறுகிறது. ஆக, தனிமங்களிலிருந்து வாயு அயன்கள் வரை செல்ல நிகரச் செலவு:

107 + 496 + 121 − 349 = +375 kJ mol⁻¹

சோடியத்தின் இலத்திரனைக் குளோரீனுக்குக் கொடுப்பதே இலாபம் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த எண் அதை மறுக்கிறது: வாயு அயன்களோடு நின்றுவிட்டால் கணக்கு நட்டத்திலேயே இருக்கும். ஆனால் தனிமங்களிலிருந்து திண்ம உப்பு நேரடியாகத் தோன்றும்போது 411 கிலோயூல் வெளியேறுவதாக அளவீடு காட்டுகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட முழு வித்தியாசத்தையும் சாலகமே கொடுத்திருக்க வேண்டும்:

−411 − 375 = −786 kJ mol⁻¹

உயர்தர மாணவர்களின் தாள்களில் நான் அடிக்கடி காண்பது இரண்டு பிழைகள். குளோரீன் அணு இலத்திரனை ஏற்கும்போது வெளியேறும் 349, அதாவது இலத்திரன் நாட்டத்தின் குறியை மாற்றிவிட்டால் −1484 வரும். ஒற்றை ஏற்ற அயன்களுக்கு இது அளவுக்கு மிஞ்சியது என்பதால் உடனே பிடிபடும். குளோரீனின் 242 ஐப் பாதியாக்க மறந்தால் வரும் −907 தான் ஆபத்தானது, ஏனெனில் அது பார்வைக்குப் பொருத்தமாகவே இருக்கும். அதை இலிதியங் குளோரைட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் சாலக சக்தி ஏறத்தாழ −860. இலிதியம் அயன் சோடியம் அயனை விடச் சிறியது, எனவே குளோரைட்டை இன்னும் அருகில் இழுக்கிறது. சோடியங் குளோரைட்டு அதை மிஞ்சியதாக விடை வந்தால், கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது.

இந்த வட்டம் வேறொன்றையும் காட்டும். அயன்களை ஏற்றம் கொண்ட கோளங்களாக மட்டும் கொண்டு, அவற்றின் இடைத்தூரத்திலிருந்து சாலக சக்தியைக் கோட்பாட்டு முறையில் கணிக்கலாம். சோடியங் குளோரைட்டுக்கு அவ்வாறு வரும் விடை −750 முதல் −765 வரை. வட்டம் தந்த −786 க்கு அது நெருக்கம். இப்போது, ஆய்வுகூடத்தில் உப்புநீரில் வெள்ளி நைத்திரேற்று விட்டதும் தயிர்த்திரள் போல் விழும் வெண்ணிற வெள்ளிக் குளோரைட்டை எடுப்போம். அதன் சாலகமும் உப்பின் அதே அமைப்பை உடையது. வெள்ளியின் பதங்கமாதலுக்கு 285, அயனாக்கத்துக்கு 731, தோன்றலுக்கு −127 என இட்டு, குளோரீனின் எண்களை முன்போலவே வைத்து வட்டத்தைச் சுற்றினால் −915 வருகிறது. கோள மாதிரியோ −780 ஐ அண்டியே தருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட கிலோயூல் வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. வெள்ளி அயன் குளோரைட்டின் இலத்திரன் முகிலைத் தன் பக்கம் இழுத்துக் குலைப்பதால், அங்கே பங்கீட்டுப் பிணைப்பின் இயல்பும் கலந்திருக்கிறது.

உப்பை நீரில் கரைக்கும்போது, நீர் மூலக்கூறுகள் அயன்களைச் சூழ்வதால் வெளியேறும் சக்தி சாலகத்தை உடைக்கும் செலவை ஏறக்குறைய முழுமையாக ஈடுசெய்கிறது. மூலுக்கு 4 கிலோயூல் மட்டுமே குறைகிறது. வெள்ளிக் குளோரைட்டில் அந்தக் குறை சுமார் 65 கிலோயூல். நிலாவெளிக் கல் குவளை நீரில் மறைந்துபோக, சோதனைக் குழாயின் அடியில் அந்த வெண்படிவு அப்படியே கிடப்பதற்கு முதன்மையான காரணம் இந்த வித்தியாசமே.