வட்டி ஏறியும் தவணை ஏறவில்லையா? மீதி மாதங்களை எண்ணிப் பாருங்கள்

வீட்டுக் கடன் வாங்கிய பலருக்குத் தெரிந்த ஒரே எண், மாதாமாதம் கணக்கிலிருந்து போகும் தவணைத் தொகை. அது மாறாதவரை கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். மாறும் வட்டிக் கடனில் அடி விழுவது இங்கேதான்.

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏற்றியது. ரெப்போவோடு இணைத்த கடன்களின் வட்டியும் கூடவே இரண்டரை சதவீதம் ஏறியது. ஒரு கணக்குப் போடலாம். 30 லட்சம், 20 ஆண்டு, 6.5 சதவீதம், தவணை 22,367 ரூபாய். பாக்கி 29 லட்சமாக இருக்கும்போது வட்டி 9 சதவீதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத வட்டி மட்டுமே 21,750. அசலில் கழிவது வெறும் 617 ரூபாய். பழைய தவணையையே கட்டினால் கடன் தீர இன்னும் 40 ஆண்டு ஆகும். முதலில் சொன்ன காலத்துக்குள் முடிக்க, மாதம் சுமார் 4,400 ரூபாய் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். ஐம்பதாயிரம் சம்பளக்காரர் வீட்டில் அது மளிகைச் செலவில் பாதி.

வங்கி பெரும்பாலும் காலத்தைத்தான் நீட்டுகிறது. கேட்பதுகூட இல்லை. ஆனால் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. மீதி எத்தனை தவணை, இதுவரை அசலில் எவ்வளவு, வட்டியில் எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டும்.

கிளையில் போய்க் கேட்டால் "லோன் பிரிவைக் கேளுங்க" என்பார்கள். லோன் பிரிவில் "கிளையிலேயே எழுதிக் கொடுங்க" என்பார்கள். வாய்ப்பேச்சே வேண்டாம். கடன் எண்ணைக் குறிப்பிட்டு, எந்த மாதத்திலிருந்து தவணையை எவ்வளவாக்க வேண்டும் என்று மின்னஞ்சலோ கடிதமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போடலாம்.

அப்படியானால் நிலையான வட்டிக்கே போய்விடலாமே என்று தோன்றும். பொறுங்கள். 'நிலையானது' என்று விற்கப்படும் பல கடன்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு மட்டும்தான் நிலையானவை; அப்புறம் மாறும் வட்டிதான். ஒப்பந்தத்தில் 'ரீசெட்' என்று எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பொதுவாக ஆரம்ப வட்டியும் கூடுதலாகவே இருக்கும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. நிலையான வட்டியில் அந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் இல்லை.

2025இல் ரெப்போ 5.25 வரை இறங்கியது. உங்கள் வட்டி இறங்கியிருக்கிறதா, நீட்டிய மாதங்கள் குறைந்திருக்கின்றனவா என்று அடுத்த அறிக்கையில் பாருங்கள். குறையவில்லை என்றால் அதற்கும் ஒரு கடிதம்.