டிரங்குப் பெட்டிக்குள்ள பூஞ்சை: எது போகும், எது போகாது

பழைய பேப்பர், போட்டோ ரிப்பேர் பண்றது என் வேலை. வர்றவங்க எல்லாரும் "கறையை எடுத்துக் குடுங்க"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க, ஆனா அதுல ரெண்டு விஷயம் இருக்கு. மேல உக்காந்திருக்கற பூஞ்சையைப் பெரும்பாலும் எடுத்துடலாம். பேப்பருக்குள்ள இறங்கிட்ட மஞ்சளும் காபி கலர் புள்ளியும் வீட்ல வச்சு எடுக்கவே முடியாது, எடுக்கப் பாத்தா பேப்பரே போயிடும்.

சமீபத்துல தஞ்சாவூர் பக்கத்துல இருந்து ஒருத்தர் ஒரு இரும்பு டிரங்கோட வந்தார். பரண்ல, ஓடு ஒழுகற மூலைக்குக் கீழ இருந்ததாம். உள்ள வாராவாரம் பத்திரிகைல வந்த தொடர்கதையைக் கிழிச்சு பைண்டு பண்ண ரெண்டு வால்யூம், அவங்க தாத்தா பாட்டியோட கருப்பு வெள்ளைக் கல்யாண போட்டோ, ஸ்டூடியோ அட்டைல ஒட்டினது, இன்னும் கொஞ்சம் சின்ன போட்டோ. அடியில பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு மேல நாலு அந்துருண்டை. அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒண்ணும் பண்ணாது, அது வேற கதை.

முதல்ல பாக்க வேண்டியது பூஞ்சை உயிரோட இருக்கா காஞ்சுபோச்சான்னு. ஒரு ஓரத்துல பிரஷ் நுனியால லேசா தொடுங்க. ஈஷிக்கிட்டு பிசுபிசுன்னு வந்தா இன்னும் வளருது, அப்ப தேய்ச்சா பேப்பருக்குள்ளதான் அழுத்தி விடுவீங்க. பொடியா உதிர்ந்தா காஞ்சிருக்கு. இவரோட வால்யூம் ஈரமா இருந்துச்சு, அதனால நிழல்ல, காத்தோட்டமான ரூம்ல நிக்க வச்சு, ஃபேனை புக் மேல அடிக்காம சுவர்ப் பக்கம் திருப்பி வச்சு, பொடியா உதிர்ற வரைக்கும் விட்டேன். மொட்டை மாடி வெயில்ல போடாதீங்க, அட்டை வளைஞ்சுக்கும், பேப்பர் இன்னும் மஞ்சளாகும்.

அப்புறம் என்95 மாஸ்க், கிளவுஸ் போட்டுக்கிட்டு வெளில திண்ணைல வச்சு, மெத்துனு இருக்கற பெயிண்ட் பிரஷால பைண்டிங் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா ஒரே திசையில தள்ளணும். ஆஸ்துமா இருக்கறவங்க இந்த வேலையே பண்ண வேணாம். வீட்டு வேக்குவம் கிளீனர்ல ஹெப்பா ஃபில்டர் இல்லைன்னா அது பூஞ்சைப் பொடியை ரூம் முழுக்க ஊதிடும்.

பொடி போனதும் கீழ ஒரு சாம்பல் கலர், சில இடத்துல ரோஸ் கலர் கறை நிக்கும். அது பூஞ்சை விட்ட சாயம், நிக்கட்டும். பக்கம் முழுக்க இருக்கற மஞ்சள் நிறம் பூஞ்சையால வந்ததே இல்லை, பத்திரிகை பேப்பர் மரக்கூழ்ல செஞ்சது, அதுல இருக்கற லிக்னின் காத்தும் வெளிச்சமும் பட்டு நிறம் மாறுது, கூடவே அமிலம் ஏறுது. பிளீச்சிங் தண்ணி, எலுமிச்சம்பழம் தடவினா ரெண்டு நாளைக்கு வெள்ளையா தெரியும், அப்புறம் மடிச்ச இடத்துல அப்பளம் மாதிரி ஒடியும்.

போட்டோ கதை வேற. கருப்பு வெள்ளை பிரிண்ட்ல படம் இருக்கறதே ஜெலட்டின் படலத்துல, அந்த ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. அது தின்ன இடத்துல ஜெலட்டின் தண்ணில கரையற பதத்துக்கு வந்துடும். இவங்க வீட்ல யாரோ ஒரு சின்ன போட்டோவை ஈரப் பஞ்சால துடைச்சிருக்காங்க, புள்ளியோட சேர்ந்து ஒரு பெரியம்மாவோட கன்னமும் பஞ்சுல வந்துடுச்சு. அதைத் திருப்பி வைக்க யாராலயும் முடியாது.

அதனால போட்டோவைத் துடைக்கறதுக்கு முன்னாடி டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. பளபளப்புக்கு நடுவுல மங்கலா, சொரசொரப்பா திட்டு தெரிஞ்சா அங்க படலம் போச்சு, பிரஷ்கூட படக் கூடாது. மத்த இடத்துல காஞ்ச பிரஷ் மட்டும், அட்டையையும் பின்பக்கத்தையும் தாராளமா தட்டலாம். கல்யாண போட்டோல புடவைக் கரைல அப்படி ஒரு திட்டு இருந்துச்சு, அதை அப்படியே விட்டுட்டு 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி, கறையை ஸ்கேன்லதான் எடுத்தோம். ஒரிஜினல் கறையோடதான் இருக்கு. மூணு போட்டோ ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துச்சு, அதைப் பிரிக்கறது வீட்டு வேலை இல்லை, ஒட்டினபடியே கொண்டு வாங்க.

டிரங்கைத் துரு சுரண்டி, கழுவி, நல்லா வெயில்ல காய வைக்கச் சொன்னேன். நியூஸ்பேப்பரை விரிக்காதீங்க, அதோட அமிலம் போட்டோவுக்கு ஏறும். வேப்பிலையைப் பச்சையா போட்டா ஈரத்தைத்தான் உள்ள விடறீங்க. அமிலம் இல்லாத பேப்பர்ல தனித்தனியா சுத்தி, சிலிக்கா ஜெல் பை போட்டு, பரணை விட்டு இறக்கி, சுவர்ல ஒட்டாம ரெண்டு செங்கல் மேல வைங்க. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல நின்னா பூஞ்சை திரும்ப முளைக்கும், அதனால பெட்டிக்குள்ள ஈரப்பதம் காட்டற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வச்சுட்டு, ஐப்பசி கார்த்திகைல மட்டும் வாரத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்க, 60ஐத் தாண்டினா சிலிக்கா ஜெல்லை மாத்திடுங்க.